Z-ஐத் தாண்டினால் A

ஒவ்வோர் எழுத்தையும் அகரவரிசையில் சில இடங்கள் தள்ளி, அங்கே இருக்கும் எழுத்தை அதற்குப் பதிலாக எழுதுவது நகர்வுச் சங்கேதம். எத்தனை இடம் தள்ளுவது என்பதே அதன் சாவி. ஜூலியஸ் சீசர் தம் அந்தரங்கக் கடிதங்களில் மூன்று இடம் தள்ளி, A வர வேண்டிய இடத்தில் D எழுதினார் என்கிறார், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ். சீசர் சங்கேதம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

சீசரின் வாரிசான அகஸ்டஸைப் பற்றி அதே ஆசிரியர் தரும் குறிப்பு இன்னும் சுவையானது. அகஸ்டஸ் ஒரே ஓர் இடம்தான் தள்ளினார்: A-க்கு B, B-க்கு C. ஆனால் அன்றைய லத்தீன் வரிசையின் கடைசி எழுத்தான X வந்தபோது தள்ளுவதற்கு இடம் இல்லை. அதற்கு AA என்று இரட்டித்து எழுதினார். வரிசை தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது அவசரத்துக்கு ஒட்டிய ஒட்டுப்போலத்தான் இருக்கிறது. உண்மையில் இரட்டிக்கவே தேவையில்லை. மற்ற எழுத்துகள் எல்லாம் ஓர் இடம் முன்னே நகர்ந்துவிட்டதால் A காலியாகத்தான் கிடந்தது. X-க்கு ஒற்றை A போட்டிருந்தாலே போதும். எந்தக் குழப்பமும் வந்திருக்காது. வரிசையை நேர்க்கோடாகப் பார்க்காமல், கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் முதல் எழுத்து நிற்கும் வளையமாகப் பார்த்திருந்தால் அது தானாகவே தெரிந்திருக்கும்.

வளையத்தில் எண்ணுவது ஒன்றும் புதிய வித்தை அல்ல. இன்று வெள்ளி என்றால் பத்து நாள் கழித்து என்ன கிழமை? ஞாயிறை 0 என்று வைத்தால் வெள்ளி 5. ஐந்தும் பத்தும் பதினைந்து. அதில் இரண்டு முழு வாரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1, அதாவது திங்கள். பதினைந்தை ஏழால் வகுத்து, ஈவை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இந்த மீதிக் கணக்குக்குத்தான் மாடுலோ என்று பெயர். நிரல் எழுதும்போது அதை % என்ற குறியால் எழுதுவார்கள்: 15 % 7 என்றால் 1.

இன்றைய ஆங்கில வரிசையில் எழுத்துகள் 26. எனவே எழுத்தின் இட எண்ணோடு சாவியைக் கூட்டி, 26-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் வளையம் உருவாகிவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பழக்கத்தில் A-ஐ 1 என்றும் Z-ஐ 26 என்றும் எண்ணினால் கணக்கு உதைக்கும். W 23-ஆவது எழுத்து. மூன்று கூட்டினால் 26. அதை 26-ஆல் வகுத்தால் மீதி 0. பூஜ்யமாவது எழுத்து என்று ஒன்று இல்லையே! 26-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 0 முதல் 25 வரைதான். ஆகவே எழுத்துகளுக்கும் அதே எண்களைத் தர வேண்டும்: A-க்கு 0, Z-க்கு 25. அப்போது W 22, மூன்று கூட்டினால் 25, அது Z. X-க்கு 26 வந்து, மீதி 0 ஆகி, A-இல் போய் நிற்கும்.

சாவி எவ்வளவு பெரிதானாலும் மீதிக் கணக்கு சலிக்காது. 29 இடம் தள்ளுவதும் 3 இடம் தள்ளுவதும் ஒன்றே. ‘Z-ஐத் தாண்டினால் 26 கழி’ என்று ஒரே ஒரு முறை கழிக்கும் நிரல்கள் சிறிய சாவிகளுக்குச் சரியாக ஓடி, 60 போன்ற சாவி வந்ததும் தடுமாறும்.

காகிதத்தில் இத்தோடு வேலை முடிந்தது. கணினியில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கணினி எழுத்துகளை 0, 1, 2 என்று எண்ணுவதில்லை. ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் பெரிய எழுத்து A-க்கு 65, Z-க்கு 90. சிறிய எழுத்து a-க்கு 97, z-க்கு 122. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று ஒட்டியும் இல்லை. நடுவே 91 முதல் 96 வரை சதுர அடைப்புக்குறி, சாய்கோடு, அடிக்கோடு போன்ற ஆறு குறிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆக கணினியின் பார்வையில் வளையம் ஒன்றல்ல, இரண்டு. பெரிய எழுத்து பெரிய எழுத்துகளின் வளையத்துக்குள்ளும், சிறியது சிறியதன் வளையத்துக்குள்ளும் சுற்ற வேண்டும்.

யாழ் என்பதை ஆங்கில எழுத்தில் Yazh என்று எழுதி, மூன்று இடம் தள்ளிப் பார்க்கலாம். வளையமே இல்லாமல் குறியீட்டு எண்ணோடு மூன்றைக் கூட்டினால், Y-இன் 89 ஆனது 92 ஆகிச் சாய்கோடாகிவிடும். z-இன் 122 ஆனது 125 ஆகி நெளி அடைப்பாகிவிடும். கிடைப்பது `\d}k`. எழுத்துகளை மட்டும் கொடுத்த இடத்தில் இப்படிக் குறிகள் முளைத்தால், சுற்றுதல் நடக்கவில்லை என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

சரியான வழி மூன்று அடிகள் கொண்டது. முதலில் அந்த வளையத்தின் தொடக்க எண்ணைக் கழிக்க வேண்டும். பிறகு சாவியைக் கூட்டி மீதி எடுக்க வேண்டும். கடைசியில் கழித்த அதே எண்ணைத் திரும்பக் கூட்ட வேண்டும். Y பெரிய எழுத்து என்பதால் 89-இலிருந்து 65 போக 24. மூன்று கூட்டினால் 27. 26-ஆல் வகுத்த மீதி 1. அதோடு 65 சேர்த்தால் 66, அதாவது B. z சிறிய எழுத்து. 122-இலிருந்து 97 போக 25, மூன்று கூட்டி 28, மீதி 2, அதோடு 97 சேர்த்து 99, அதாவது c. நடுவில் உள்ள a, d ஆகும். h, k ஆகும். விடை Bdck. முதல் எழுத்து பெரியதாகவே இருக்கிறது, மற்றவை சிறியனவாகவே இருக்கின்றன.

பைத்தான் மொழியில் இதே கணக்கு:

```python
def shift(text, k):
    out = ""
    for c in text:
        if "A" <= c <= "Z":
            base = 65
        elif "a" <= c <= "z":
            base = 97
        else:
            out += c
            continue
        out += chr((ord(c) - base + k) % 26 + base)
    return out
```

`ord` எழுத்தின் குறியீட்டு எண்ணைத் தரும். `chr` எண்ணை எழுத்தாக்கும். `base` என்பதுதான் வளையத்தின் தொடக்கம். பெரிய எழுத்தைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 97 என்றே எழுதிவிடுவது புதிதாக நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அப்படிச் செய்தால் Yazh என்பது vdck என்று வரும். இதில் அடைப்போ சாய்கோடோ இல்லை; எல்லாமே எழுத்துகள். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் நழுவிவிடும். மறுபக்கம் அதைத் திருப்பிப் படிக்கும்போதுதான், v மூன்று இடம் பின்வாங்கி s ஆகி, Yazh இருந்த இடத்தில் sazh நிற்கும். சொல்லின் முதல் எழுத்து மட்டும் தவறாக வந்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

திருப்பிப் படிப்பதற்குத் தனி நிரல் வேண்டாம். சாவியை எதிர்மறையாக்கி `shift("Bdck", -3)` என்று கொடுத்தால் போதும். பைத்தானில் இது ஒழுங்காக நடக்கும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் இதே சூத்திரத்தை எழுதியவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். B-இன் இட எண் 1. மூன்று கழித்தால் −2. இதை 26-ஆல் வகுத்தால் மீதி எவ்வளவு? பைத்தான் ஈவை −1 என்று எடுத்து மீதி 24 என்கிறது. மற்ற மூன்றும் ஈவை 0 என்று எடுத்து மீதி −2 என்கின்றன. கணக்கின்படி இரண்டுமே பிழையல்ல. ஆனால் −2-ஓடு 65 கூட்டினால் 63, அது கேள்விக்குறி. c-க்கும் இதே கதி நேர்ந்து, Bdck என்பது ``?a`h`` என்று திரும்பி வரும். சுற்றத் தேவையில்லாத நடு எழுத்துகள் சரியாக இருக்க, வரிசையின் தொடக்கத்தில் உள்ள A, B, C மட்டும் குறிகளாக மாறுவது இந்தப் பிழையின் அடையாளம். மருந்து எளிது: மீதியோடு ஒரு 26 கூட்டி மறுபடியும் மீதி எடுக்க வேண்டும்.

```c
((x - k) % 26 + 26) % 26
```

சாவி 26-க்குள் இருக்கும்வரை இன்னொரு வழியும் உண்டு. வளையத்தில் மூன்று இடம் பின்னே போவதும் 23 இடம் முன்னே போவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும். ஆகவே −3-க்குப் பதில் 23-ஐயே சாவியாகக் கொடுத்துவிடலாம்.

இடைவெளி, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றை மேலே உள்ள நிரல் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறது. ‘இது எழுத்தா’ என்று கேட்கும் `isalpha` இருக்க, A முதல் Z வரை என்று எல்லையை வெளிப்படையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. பைத்தானின் `isalpha` தமிழ்க் ககரத்தையும் எழுத்து என்றுதான் சொல்லும், நியாயம்தான். ஆனால் பெரிய எழுத்து இல்லை என்பதால் அதைச் சிறிய எழுத்துகளின் கிளைக்குத் தள்ளினால், யூனிகோடில் அதன் எண்ணான 2965-இலிருந்து 97 கழித்து, மூன்று கூட்டி, 26-ஆல் வகுத்த மீதியாக 11 வந்து, க என்பது l ஆகிவிடும். திருப்பும்போது அந்த l, i ஆகுமே தவிர க ஆகாது. எண்ணற்ற எழுத்துகளை 26 இடத்துக்குள் அமுக்கியபின் எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பெரிய எழுத்தைக் காப்பாற்றுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. வாக்கியம் எங்கே தொடங்குகிறது, பெயர்ச்சொல் எது என்பது சங்கேதத்தின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கும். ரகசியம் காக்க நினைப்பவர்கள் அதனால்தான் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, இடைவெளிகளையும் நீக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தாலும் இந்தச் சங்கேதம் அதிக நேரம் தாங்காது. 26 இடம் தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும் என்பதால், பயனுள்ள சாவிகள் 25 மட்டுமே. Bdck என்ற சீட்டு கையில் சிக்கியவர் ஓர் இடம் பின்னே தள்ளினால் Acbj, இரண்டு இடம் தள்ளினால் Zbai, மூன்றாம் முயற்சியில் Yazh.