ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர்?

ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரரின் கவனம் பெரும்பாலும் சிமென்ட் மூட்டை மீதும் கம்பி மீதும்தான் இருக்கும். மூட்டைகளை எண்ணுவார், கம்பிக்கட்டை சரிபார்ப்பார். தண்ணீரை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. கலவை மிஷின் பக்கத்தில் டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும். சித்தாள் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார். அந்த வாளிக்கு அளவு கிடையாது. கூரையின் பலத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பதோ அந்த வாளிதான்.

சாதாரண வீட்டுக் கூரைக்கு நம் ஊரில் வழக்கமாகச் சொல்வது எம் 20 கான்கிரீட். வார்த்து 28 நாள் ஆனபின் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரக் கட்டி சுமார் 45 டன் எடை ஏறும்வரை உடையாமல் நிற்க வேண்டும். இதற்குப் பழக்கத்தில் உள்ள விகிதம் ஒன்று, ஒன்றரை, மூன்று: ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் இன்ச் ஜல்லி. 50 கிலோ மூட்டை ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 35 லிட்டர். அதே கொள்ளளவில் ஒரு மரப்பெட்டி அடித்துக்கொண்டால் மணலில் ஒன்றரைப் பெட்டி, ஜல்லியில் மூன்று பெட்டி. சட்டிக் கணக்கைவிட இது நம்பகமானது. சட்டி ஒருவர் கையில் குவியும், இன்னொருவர் கையில் தட்டையாக நிற்கும்.

இனி தண்ணீர். தண்ணீரின் எடையை சிமென்ட்டின் எடையால் வகுத்தால் கிடைப்பது நீர்-சிமென்ட் விகிதம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.5. சிகாகோவில் லூயிஸ் இன்ஸ்டிடியூட்டில் எண்ணற்ற கலவைகளைச் செய்து உடைத்துப் பார்த்த டஃப் ஆப்ராம்ஸ், 1918-இல் ஒரு விதியை வெளியிட்டார். வேலை செய்யத் தோதான கலவையில், மணல், ஜல்லி விகிதம் எப்படி இருந்தாலும், பலத்தை முக்கியமாக நிர்ணயிப்பது இந்த ஒரு விகிதம்தான் என்பது அந்த விதி. நூறாண்டு கடந்தும் இன்றைய கலவை வடிவமைப்புகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

காரணம் எளிது. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. அந்த வினைக்கும், வினையில் உருவாகும் பசைக்குள் தங்குவதற்கும் சேர்த்து சிமென்ட் எடையில் சுமார் நாற்பது சதவீதத் தண்ணீர் போதும். மூட்டைக்கு 20 லிட்டர். மீதி ஊற்றுவதெல்லாம் கலவை கம்பிக்கிடையில் வழுக்கி இறங்குவதற்காகத்தான். அந்த உபரித் தண்ணீர் பின்னால் வெளியேறும்போது, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும்.

கான்கிரீட் ஓடிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி சொல்வார்: "சார், கெட்டியா இருக்கு. கம்பிக்குள்ள இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி காட்டிக்கிறேன்." அந்தக் 'கொஞ்சம்' ஒரு மூட்டைக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டர் 33 ஆகிறது, விகிதம் 0.66-க்கு ஏறுகிறது. ஆப்ராம்ஸ் விதிப்படி கணக்கிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். சிமென்ட் செலவு அதேதான், கம்பியும் அதேதான். மேஸ்திரியின் சங்கடம் உண்மையானது. இறங்காத கலவை கம்பிக்கு அடியில் தேன்கூடு மாதிரிப் பொந்துகளை விட்டுவிடும். அதற்குத் தீர்வு வைப்ரேட்டரும், தேவைப்பட்டால் தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனச் சேர்க்கையும்தான்.

மணலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூட்டைக்கு ஏறக்குறைய 80 கிலோ மணல் விழுகிறது. எம்-சாண்ட் ஈரமாக வந்து, அதில் ஐந்து சதவீதம் ஈரம் இருந்தால், வாளியைத் தொடுவதற்கு முன்பே நான்கு லிட்டர் தண்ணீர் மிஷினுக்குள் போய்விட்டது. அன்று 25 அல்ல, 21 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். ஈர மணல் உப்பி நிற்பதால் அதே பெட்டியில் மணலும் குறைவாகவே விழும். அதற்குப் பெட்டி அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

தண்ணீர் மிஞ்சியதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். கொட்டும்போது ஜல்லி ஒருபுறமும் பால் ஒருபுறமும் பிரிந்து ஓடும். சென்ட்ரிங் பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகும். மட்டம் தட்டிய சிறிது நேரத்தில் மேலே தண்ணீர் குளமாக மிதக்கும். அதன்மேல் வெறும் சிமென்ட்டைத் தூவி உறிஞ்ச வைப்பது சில இடங்களில் வழக்கம். அது மேல்தோலை மட்டும் பொருக்காக்கி வெடிக்க வைக்கும். உள்ளே விழுந்த துளைகளை எதுவும் செய்யாது.

கலக்கும்போது தண்ணீர் மிஞ்சுகிறது என்றால், வார்த்த பிறகு தண்ணீர் போதாமல் போகிறது. சிமென்ட்டின் வினை ஒரே நாளில் முடிவதில்லை. ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும், மீதி வாரக்கணக்கில் ஏறும். உள்ளே ஈரம் இருக்கும்வரைதான் இது நடக்கும். வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டால் வினை நின்றுவிடும். பிறகு நனைத்தாலும் இழந்ததை முழுசாக மீட்க முடியாது. முதலில் காய்வது வெளிப்புற இரண்டு, மூன்று சென்டிமீட்டர். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் கவர் அதுதான். அது துளையாகிவிட்டால் காற்றும் கடலோர உப்பும் கம்பியை எட்டும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சீலிங் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும் பழைய குடியிருப்புகளில் பலவற்றின் கதை இதுதான்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் நீராற்றல் வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பக் காலத்தில் பத்து நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 14 நாள்வரை நீட்டிக்கச் சொல்கிறது. இன்று வீட்டு வேலைக்கு அதிகம் வாங்கப்படுவது பி.பி.சி.தான். சாம்பல் மெதுவாக வினை புரியும் பொருள், அதற்கு ஈரம் கூடுதல் நாள் வேண்டும். ஏழாம் நாளோடு நிறுத்துபவர்கள் அந்தப் பலனைப் பெறாமலே போகிறார்கள்.

கூரைக்கு வழி தெரிந்ததே. மேற்பரப்பின் மினுமினுப்பு மறைந்ததும் ஈரச்சாக்கோ பாலிதீன் தாளோ போர்த்த வேண்டும். அந்த முதல் சில மணி நேர வெயிலில்தான் மயிரிழை வெடிப்புகள் விழும். மறுநாள் பாத்தி கட்டி ஓரிரு இன்ச் தண்ணீர் நிறுத்தலாம். தூண்தான் பாவம். காலையும் மாலையும் ஹோஸ் பிடித்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும், நண்பகலில் காய்ந்து கிடக்கும். சாக்கைச் சுற்றிக் கட்டி, அது எந்நேரமும் ஈரமாக இருக்கும்படி நனைக்க வேண்டும்.

கட்டி உடைத்துப் பார்த்த ரிப்போர்ட் கையில் இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனைக் கட்டிகள் ஆய்வகத் தொட்டியில் 28 நாள் தண்ணீருக்குள்ளேயே கிடந்தவை. கலவை நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அவை சாட்சி. வெயிலில் காய்ந்த உங்கள் தூணைப் பற்றி அந்த ரிப்போர்ட் ஒன்றும் சொல்லாது.

ஆகவே வீடு கட்டுபவர்கள் கான்கிரீட் நாளுக்கு முன்பே கோடு போட்ட வாளி ஒன்றை வாங்கி மிஷின் பக்கத்தில் வையுங்கள். மூட்டைக்கு எத்தனை லிட்டர் என்பதை இன்ஜினியரிடம் கேட்டு மேஸ்திரியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். ஒவ்வொரு தூணிலும் வார்த்த தேதியையும் நீராற்றல் முடியும் தேதியையும் சாக்பீஸால் எழுதி, அந்தத் தேதிவரை சாக்கு நனைக்க ஒரு ஆளுக்குக் கூலி ஒதுக்குங்கள்.