பெரியப்பாவின் நோட்டும் மருமகனின் இ.எம்.ஐ.யும்

பெரியப்பா திருச்சியில் ஃபியட் பத்மினி வாங்கியது 1978இல். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. அது வந்த அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கினார். முதல் பக்கத்தின் முதல் வரியே, ‘எலுமிச்சம்பழம் 4 – 40 காசு’. சக்கரத்துக்கு ஒன்று வீதம் வைத்து நசுக்கியது. அதன்பின் பக்கம் பக்கமாகப் பெட்ரோல், பிளக், பாயின்ட், ஃபேன் பெல்ட், கார்புரேட்டர் சுத்தம் செய்த மெக்கானிக்குக்குக் கூலி, அவனுக்கு வாங்கிக் கொடுத்த டீ. ஐந்து வருடக் கணக்கு முழுக்க அந்த நோட்டுக்குள் இருந்தது.

இன்று அதைப் புரட்டினால் ஒரு செலவு மட்டும் எங்கேயும் காணோம். வண்டியின் விலை இறங்கிய கணக்கு அதில் இல்லை. அவர் மறந்துவிடவில்லை. விலை உண்மையிலேயே இறங்கவில்லை! 1983இல் அவர் அதை விற்றபோது, வாங்கிய விலைக்கு மேலேயே ஒரு சிறு தொகை கிடைத்தது. காத்திருக்க மனமில்லாதவர்கள் ஓடிய வண்டிக்கும் கூடுதலாகக் கொடுத்த காலம் அது. தொழிற்சாலைகள் எண்ணி எண்ணித்தான் கார் செய்தன, புது வண்டியின் விலையும் ஏறிக்கொண்டே போனது. ஐந்து வருடத்தில் ரூபாயின் மதிப்பு தேய்ந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அன்று கார் என்றால் பெட்ரோலும் மெக்கானிக்கும்தான் செலவு என்று அவர் நம்பியதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டு டிசம்பரில்தான் முதல் மாருதி 800 கைமாறியது. வரிசை மெல்ல மெல்லக் கரைந்தது. வரிசை போன பிறகு பழைய காரின் விலையும் இறங்கத் தொடங்கியது. ஆனால் நம் மனக்கணக்கு இன்னும் அந்த நோட்டிலேயே நிற்கிறது. பெட்ரோல் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, இதுதான் முதல் கேள்வி.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். “மாமா, ஏழு லட்ச ரூபாய் வண்டி. மாசம் 12,600 கட்டினா போதும், அஞ்சு வருஷம். சமாளிச்சிடலாம்ல?”

“மாசம் எவ்வளவு கட்டணும்னு நான் கேட்கலையே மாப்ளே. மாசம் எவ்வளவு ஆகும்னு பார்த்தியா?” என்றேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம்.

ஷோரூம் விலை 7,00,000. தமிழ்நாட்டில் இந்த விலைக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 91,000. இன்ஷூரன்ஸ், பதிவு, இன்னபிறவற்றுக்கு 49,000. ஆக ரோட்டுக்கு வரும்போது 8,40,000. இதில் கடைசி 1,40,000 வண்டியோடு ஒட்டிய பணம் இல்லை. நாளை விற்கப் போனால் வாங்குபவர் அதற்கென்று தனியாக எதுவும் தரமாட்டார்.

ஐந்து வருடம் கழித்து என்ன கிடைக்கும்? இங்கேதான் எல்லோரும் ஊகத்தில் விழுகிறார்கள். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. வண்டி நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்தால், ஷோரூம் விலையில் 50 சதவீதம் கழித்துத்தான் அதற்கு மதிப்புப் போடுவார்கள். நல்ல பேர் வாங்கிய மாடலுக்கு இதைவிடக் கூடக் கிடைக்கும், யாரும் தேடாத மாடலுக்குக் குறையும். சரிபார்க்க ஒரே வழி, அதே மாடலின் ஐந்து வருட வண்டியை விற்பதுபோல இரண்டு பழைய கார் வியாபாரிகளிடம் கேட்பது. அவர்கள் விற்கும் விலையைப் பார்க்கக் கூடாது, வாங்கும் விலையைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் 3,50,000 என்று வைத்தோம். ஆக 4,90,000 கரைகிறது. இந்தக் கணக்கில் இதுதான் மிகப் பெரிய தொகை. இதற்கு மட்டும் ரசீது வருவதில்லை.

அந்த 3,50,000மும் கல்வெட்டு இல்லை. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. செஸ்ஸும் போயிற்று. அதை முழுதாகக் கழித்துக் கொடுத்தால் புது வண்டி எட்டரை சதவீதம் மலிவு. முந்தின மாதம் வாங்கியவரின் வண்டி மதிப்பும் கூடவே இறங்கும், அவர் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க வேண்டாம்.

அடுத்து வட்டி. கைப்பணம் 2,40,000, கடன் 6,00,000. “அஞ்சே கால் சதவீதம்தான் மாமா” என்றான். அது ஃப்ளாட் ரேட். முழுக் கடனுக்கும் ஐந்து வருடமும் வட்டி போடும் கணக்கு. அடைத்த அசலைக் கழித்து, மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் அதே தவணை ஒன்பதரை சதவீதக் கடனாக இருக்கும். மொத்த வட்டி ஏறக்குறைய 1,56,000. கைப்பணத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் ஏறத்தாழ ஒரு லட்சத்தையும் சேர்த்தேன். அதற்குத்தான் அவன் ரொம்ப நேரம் சண்டை போட்டான். “வராத காசை எப்படிச் செலவுன்னு எழுதுவீங்க?” அந்தப் பணம் உண்மையிலேயே டெபாசிட்டில்தான் கிடக்கிறது, அதை உடைத்துத்தான் கட்டப் போகிறான் என்று அவன் அம்மா அடுக்களையிலிருந்து சொன்ன பிறகே விட்டான்.

பெட்ரோல், பெரியப்பாவின் நாயகன், இப்போதுதான் வருகிறது. வருடம் 10,000 கிலோமீட்டர், ஊருக்குள் லிட்டருக்கு 16 ஓடும், லிட்டர் 101 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 3,16,000. சர்வீஸ், ஒரு செட் டயர், நான்காம் வருடம் ஒரு பேட்டரி, எல்லாம் சேர்த்து 70,000. இரண்டாம் வருடத்திலிருந்து இன்ஷூரன்ஸ் 60,000. டோல், பார்க்கிங், வாட்டர் வாஷ் 45,000.

கூட்டினால் 12,37,000. மாதம் 20,600, கிலோமீட்டருக்கு 24 ரூபாய் 75 காசு. அவன் நினைத்த 12,600 எங்கே, இது எங்கே!

நான் அத்தோடு விட்டிருப்பேன். அக்காதான் கேட்டாள், “இவன் ஆபீசுக்கு ஸ்கூட்டர்லதானே போறான், பத்தாயிரம் எங்கே ஓடும்?” சரி, 5,000 என்று மாற்றிப் போட்டேன். பெட்ரோல் பாதியானது, டயர் செலவு போனது. ஆனால் விலை இறக்கமும் வட்டியும் இன்ஷூரன்ஸும் அப்படியே நின்றன. மொத்தம் 10,49,000. கிலோமீட்டருக்கு 42 ரூபாய். ஓட்டம் குறையக் குறைய மொத்தச் செலவு குறைகிறது, ஒவ்வொரு கிலோமீட்டரின் விலையோ ஏறுகிறது. பெரியப்பாவின் ஃபியட்டுக்கு இந்தக் கணக்கு நேர் எதிர். ஓடாமல் ஷெட்டில் நின்ற மாதம் அவருக்கு லாபம்.

கால் டாக்ஸி ரேட்டை அவனே போனில் தேடி, 42க்குப் பக்கத்தில் எழுதினான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அதே மாடலில் மூன்று வருடம் ஓடிய வண்டி என்ன விலை என்று தேட ஆரம்பித்தான். முதல் மூன்று வருடத்தின் இறக்கத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார் அல்லவா? கிளட்சும் டயரும் எந்த நிலையில் இருக்கின்றன, சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா என்று அதற்குத் தனிக் கணக்கு போட வேண்டும். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தோம்.

கிளம்பும்போது லேப்டாப்பில் அவன் போட்டிருந்த அட்டவணையை அக்கா எட்டிப் பார்த்தாள். கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, “எலுமிச்சம்பழம் எங்கேடா?” என்றாள்.