‘இந்த சைட் பாதுகாப்பானது அல்ல’: பழைய இணையதளங்களை பிரவுசர் ஏன் மறிக்கிறது?

சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் கன்னியாகுமரியில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்புதான். நாகர்கோவிலில் படிக்கும் ஒரு மாணவர், ஊரிலிருந்து வரும் மாமா குடும்பத்துக்கு கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜ் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் ஒருவர் லாட்ஜின் இணையதள முகவரியைத் தருகிறார். ரயில் நிலைய வைஃபையில் போனை இணைத்து முகவரியைத் தட்டுகிறார். லாட்ஜின் பக்கம் வரவில்லை. வந்தது ஓர் எச்சரிக்கை.

ஃபயர்பாக்ஸ் என்றால் அது Secure Site Not Available என்று சொல்லும். குரோம் என்றால், தளத்துடனான இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சொல்லி, திரும்பிப் போக ஒரு பட்டனும் தொடர்ந்து செல்ல ஒரு பட்டனும் காட்டும்.

லாட்ஜுக்கு போன் போட்டுக் கேட்டால் என்ன பதில் வரும்? “பத்து வருசமா ஓடுற சைட்டு மக்கா, ஒரு பிரச்சினையும் இல்லல்லா!”

அவர் சொல்வதும் பொய் இல்லை. பிரவுசர் சொல்வதும் பொய் இல்லை. எப்படி?

பிரவுசர் என்ன செய்து பார்த்தது?

இணைய முகவரியின் தொடக்கத்தில் http அல்லது https இருக்கும். http என்பது தபால் கார்டு மாதிரி. கொண்டுபோகும் வழியில் இருக்கிற யாரும் படிக்கலாம், நினைத்தால் ஒரு வரியை மாற்றியும் எழுதலாம். https என்பது ஒட்டிய கவர். வழியில் இருப்பவருக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. மாற்றினாலும் பிரவுசர் கண்டுபிடித்துவிடும்.

பாதுகாப்பான இணைப்பு மட்டும் போதும் என்ற செட்டிங்கை ஆன் செய்திருந்தால், நீங்கள் http என்று தட்டினாலும் பிரவுசர் முதலில் https வழியாகத்தான் கதவைத் தட்டும். லாட்ஜின் சர்வரில் அந்தக் கதவே இல்லை, பழைய http கதவு மட்டும்தான் திறந்திருக்கிறது. அதனால் பிரவுசர் அங்கேயே நின்று, ‘பழைய வழியில் போகட்டுமா?’ என்று உங்களிடம் கேட்கிறது.

ஆக, இந்த எச்சரிக்கைக்கு சைட் முடங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அது மோசடி சைட் என்றும் அர்த்தம் இல்லை. உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவே உள்ள பாதைக்குப் பூட்டு இல்லை, அவ்வளவுதான்.

நடுவில் யார் கை வைக்கப் போகிறார்கள்?

‘ரூம் வாடகை பார்க்கத்தானே, இதில் என்ன ரகசியம்?’ என்று கேட்கலாம். இதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2015 ஜூன் மாதம், பெங்களூரைச் சேர்ந்த தேஜேஷ் என்ற புரோகிராமர் தன் சொந்த இணையதளத்தை ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்து பார்த்தார். பக்கத்தின் நிரலில் அவர் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று புகுந்திருந்தது. சர்வரில் அது இல்லை. வழியில், நெட்வொர்க்கிலேயே செருகப்பட்டிருந்தது. அதை அவர் கிட்ஹப்பில் வெளியிட்டதும், நிரலுக்குச் சொந்தக்காரர்களான இஸ்ரேல் நிறுவனம் ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. வாடிக்கையாளர்கள் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார்கள் என்று அவர்களுக்கே காட்டுவதற்கான ஏற்பாடு அது என்று ஏர்டெல் விளக்கம் கொடுத்தது.

நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். ஒருவர் எழுதிய பக்கத்தில், அவருக்கும் தெரியாமல், படிப்பவருக்கும் தெரியாமல் இன்னொருவர் எழுத முடிந்தது. பக்கம் http வழியில் போனதால்தான் அது சாத்தியமானது. செல்போன் நிறுவனம் செய்ததை, பொது வைஃபை நடத்துபவரும் அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் விஷயம் தெரிந்த ஒருவரும் செய்யலாம். லாட்ஜ் பக்கத்தில் இருக்கும் போன் நம்பரையோ, பணம் அனுப்பச் சொல்லும் யுபிஐ ஐடியையோ மாற்றினால் போதும். அட்வான்ஸ் வேறு யாருக்கோ போய்விடும்.

தொடரலாமா, திரும்பலாமா?

முதலில், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மொபைல் டேட்டாவுக்கு மாறி மறுபடி முயலுங்கள். மாறியதும் தளம் ஒழுங்காகத் திறந்தால் கோளாறு வைஃபையில். பல பொது வைஃபைகள் தங்கள் லாகின் பக்கத்தைக் காட்டுவதற்காக உங்கள் இணைப்பை வழிமறிக்கும். அப்போதும் இப்படி எச்சரிக்கை வரும்.

மொபைல் டேட்டாவிலும் அதே எச்சரிக்கை வந்தால், தளத்தில் https இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வாடகையை மட்டும் பார்க்க வேண்டுமானால் தொடரலாம். பார்த்ததை வேறு வழியில் கிடைத்த நம்பரில் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டு, கார்டு எண், ஆதார் நகல் எதையும் கொடுக்க வேண்டாம். எந்த ஃபைலையும் டவுன்லோடு செய்யவும் வேண்டாம். லாட்ஜில் அடையாள அட்டை கேட்டால் நேரில் காட்டிக்கொள்ளலாம். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. NET::ERR_CERT_DATE_INVALID என்று திரையில் வந்தால் அது வேறு கதை. https கதவு இருக்கிறது, ஆனால் அதன் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அல்லது உங்கள் போனில் தேதி தப்பாக இருக்கிறது. தேதியைச் சரிபார்த்தும் வந்தால் திரும்பிவிடுவதே நல்லது.

லாட்ஜ்காரர் என்ன செய்ய வேண்டும்?

இதற்குப் பெரிய செலவு இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அதை 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், தானாகப் புதுப்பிக்கும் வசதி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். பிறகு http முகவரிக்கு வருபவர்களைத் தானாக https-க்கு அனுப்பும்படி அமைக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். பக்கம் https ஆகியிருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் புக்கிங் படிவம் பழைய http முகவரிக்கே தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும். கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு, பதிலைத் தபால் கார்டில் வாங்கிய கதை. பக்கத்தின் நிரலில் `action="http://` என்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்து மாற்றச் சொல்ல வேண்டும்.

இப்போது ஏன் அவசரம்?

ஃபயர்பாக்ஸில் இந்த வசதி 2020 நவம்பரில் வந்தது, குரோமில் 2021-ல். வந்தபோது இரண்டிலும் நாமாகத் தேடி ஆன் செய்தால்தான் உண்டு என்ற நிலை இருந்தது. குரோமில் Settings, Privacy and security, Security என்று போனால் Always use secure connections என்று இருக்கும்.

இந்த நிலை மாறுகிறது. 2026 அக்டோபரில் வரும் குரோம் 154-ல் இதை எல்லோருக்கும் தானாகவே ஆன் செய்யப்போவதாக கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. https இல்லாத பொதுத் தளத்துக்கு ஒருவர் புதிதாகப் போகும்போது பிரவுசர் அனுமதி கேட்கும். அடிக்கடி போகும் தளத்துக்குத் திரும்பத் திரும்பக் கேட்காது.

லாட்ஜ்காரருக்குச் சிக்கலே இதில்தான் இருக்கிறது. தன் சைட்டைத் தினமும் திறந்து பார்க்கும் அவருக்கு எச்சரிக்கை வராமலே போகலாம். முதல்முறை வரும் வெளியூர் ஐயப்ப பக்தருக்குத்தான் அது வரும். அவர் திரும்பிப் போய் அடுத்த லாட்ஜைப் பார்ப்பார். “சைட்டு நல்லாத்தான ஓடுது, புக்கிங் மட்டும் ஏன் வரல?” என்று இவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

அதனால் சொந்தமாக சைட் வைத்திருப்பவர்கள், இதுவரை அந்த சைட்டைத் திறக்காத ஒருவரின் போனில், முகவரிக்கு முன்னால் https:// என்று சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பக்கம் வராவிட்டால் ஹோஸ்டிங்காரரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.