புத்தகத்தில் இல்லாத தகவல்

தன்னாட்சிக் கல்லூரியில் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் ஒன்றையாவது புத்தகம் திறந்து எழுதும் தேர்வாக வையுங்கள் என்று துறைத்தலைவர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். புதியவர் பழைய வினாத்தாளை எடுத்து, தலைப்பில் ‘புத்தகம் அனுமதிக்கப்படும்’ என்று சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அது மனப்பாடத் தேர்வாகவும் இருப்பதில்லை, பயன்படுத்தும் திறனைச் சோதிப்பதாகவும் இருப்பதில்லை. பக்கத்தை யார் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் அதில் தெரியும்.

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாகச் செதுக்கிப் பார்ப்போம். பாடம், பி.காம் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் வணிகச் சட்டம். பகுதி, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முனைவும் ஏற்பும். வேறு பாடம் நடத்துபவர்களும் தொடர்ந்து படிக்கலாம். சட்டம் தெரியாதவர்களுக்கும் புரியும் அளவுக்கே அதற்குள் போகப் போகிறேன்.

வழக்கமான கேள்வி இது: ‘ஏற்பின் தொடர்பு எப்போது முழுமை பெறுகிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.’ புத்தகம் திறந்திருந்தால் மாணவர் 4ஆம் பிரிவை அப்படியே எழுதுவார். முனைவு கொடுத்தவரைப் பொறுத்தவரை, ஏற்றவர் தன் பதிலைத் திரும்பப் பிடிக்க முடியாதபடி அனுப்பிவிட்ட நேரத்தில் ஏற்பு முழுமையாகிறது. ஏற்றவரைப் பொறுத்தவரை, அந்தப் பதில் எதிரில் இருப்பவருக்குத் தெரியவரும்போதுதான் முழுமையாகிறது. எடுத்துக்காட்டுக்கும் அவர் சிரமப்பட வேண்டாம். வீட்டைக் கடிதம் மூலம் விற்க முன்வரும் ‘அ’, கடிதத்தில் சம்மதிக்கும் ‘ஆ’ என்று சட்டமே அந்தப் பிரிவின் கீழ் எடுத்துக்காட்டுகளைத் தந்திருக்கிறது. அவர் எழுதியதில் பிழை இருக்காது, மதிப்பெண் கொடுக்காமலும் இருக்க முடியாது. ஆனால் அவருக்கு என்ன தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது முயற்சியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ‘அ’வுக்குக் குமார் என்றும் ‘ஆ’வுக்குச் செல்வி என்றும் பெயர் வைத்து, வீட்டைத் திருச்சியில் கட்டி, ‘ஆராய்க’ என்று முடித்துவிடுகிறார்கள். வினாத்தாளின் ஓரத்தில் கே-4 என்று போட்டாகிவிட்டது. நம் கல்லூரிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் கே-1 முதல் கே-6 வரை நிலை குறிக்கும் வழக்கம், பெஞ்சமின் புளூமும் அவரது குழுவினரும் 1956இல் வெளியிட்ட கற்றல் நிலைகளின் பட்டியலிலிருந்து வந்தது. கேள்வியில் உள்ள வினைச்சொல்லைப் பார்த்து அந்த நிலையை முடிவு செய்வது தவறு. தீர்வு கையில் உள்ள புத்தகத்தில் அச்சாகியிருந்தால், ‘ஆராய்க’ என்று கேட்டாலும் ‘மதிப்பிடுக’ என்று கேட்டாலும் அது பார்த்து எழுதும் வேலைதான்.

இனி மூன்றாவது வடிவம். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி முருகேசன், மதுரையில் மசாலா நிறுவனம் நடத்தும் பாத்திமாவுக்குத் திங்கட்கிழமை கடிதம் எழுதுகிறார். 50 குவிண்டால் மஞ்சள், குவிண்டால் 14,000 ரூபாய், சம்மதமென்றால் கடிதத்தில் பதில் அனுப்பவும். கடிதம் புதன்கிழமை கிடைக்கிறது. வியாழக்கிழமை சந்தையில் விலை ஏறுகிறது. அன்று காலை 9 மணிக்கு, ‘என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று முருகேசன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். 9.01க்கு இரண்டு டிக் விழுகிறது. பாத்திமா போனைப் பார்க்கவில்லை. 10 மணிக்கு அஞ்சல் நிலையத்தில் சம்மதக் கடிதத்தை விரைவுத் தபாலில் சேர்க்கிறார். வாட்ஸ்அப் செய்தியை அவர் படிப்பது மதியம் 2 மணிக்கு. அவர் கடிதம் சனிக்கிழமை ஈரோடு சேர்கிறது. முருகேசன் மஞ்சளைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

4ஆம் பிரிவை வைத்துக்கொண்டு நிதானமாகப் போனால் விடை கிடைக்கும். முருகேசனைக் கட்டுப்படுத்தும் ஏற்பு வியாழன் 10 மணிக்கே முழுமையாகிவிட்டது. முனைவைத் திரும்பப் பெறும் செய்தி பாத்திமாவைப் பொறுத்தவரை செல்லுபடியாவது அது அவருக்குத் தெரியவந்தபோது, அதாவது 2 மணிக்கு. ஏற்பு முனைந்தவருக்கு எதிராக முழுமையான பிறகு முனைவைத் திரும்பப் பெற முடியாது என்கிறது 5ஆம் பிரிவு. ஆகவே ஒப்பந்தம் உண்டு.

நல்ல மாணவர் இங்கே நிற்கமாட்டார். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மின்னணுச் செய்தி பெறுபவரின் கணினிச் சாதனத்துக்குள் நுழையும் நேரத்தை அது கிடைத்த நேரமாகக் கொள்கிறது. அந்தக் கணக்கில் 9.01 முக்கியமாகிவிடுகிறது. ‘கிடைத்தது’ என்பதும் ‘தெரியவந்தது’ என்பதும் ஒன்றுதானா? ஒப்பந்தச் சட்டம் கேட்பது இரண்டாவதை. முருகேசனின் வழக்கறிஞர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு வாதிடுவார். இந்த மோதலை மாணவர் கவனித்தாரா, எந்தப் பக்கம் சாய்கிறார், என்ன காரணம் சொல்கிறார் என்பதில்தான் அவருடைய படிப்பு தெரிகிறது.

இந்தக் கேள்வியின் உயிர் அதன் ஒரே ஒரு தகவலில் இருக்கிறது. பாத்திமா அந்தச் செய்தியைக் காலை 9.45க்குப் படித்திருந்தார் என்று மாற்றுங்கள். விடை தலைகீழாகிவிடும். சம்மதக் கடிதம் தபாலில் சேரும் முன்பே முனைவு போய்விட்டதால் ஒப்பந்தம் இல்லை. சட்டப் பிரிவு மாறவில்லை, புத்தகத்தின் பக்கமும் மாறவில்லை. செய்தியைப் படித்த நேரம் மாறியது, தீர்ப்பு மாறியது. புத்தகம் திறந்து எழுதும் தேர்வுக்கு நீங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு கேள்வியையும் இதை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: எந்தத் தகவலை மாற்றினால் விடை மாறும்? அப்படி ஒன்று இல்லையென்றால், அந்தக் கேள்விக்கான விடை புத்தகத்திலேயே எங்கோ இருக்கிறது என்று பொருள். அந்தத் தகவலைக் கண்டுபிடித்தவுடன் அதையே துணைக்கேள்வியாக வைத்துவிடலாம்: ‘செய்தியை 9.45க்குப் படித்திருந்தால் உங்கள் முடிவு மாறுமா? ஏன்?’ முதல் பகுதியைப் பக்கத்து மேசையில் பார்த்து எழுதியவர் இங்கே தடுமாறுவார்.

தேவையில்லாத தகவல் ஒன்றிரண்டும் கேள்வியில் இருக்க வேண்டும். சந்தையில் விலை ஏறியது முருகேசனின் மனநிலையை விளக்குகிறது, அவ்வளவுதான். சட்டத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதும் மாணவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் இதில் அளவு மீறக்கூடாது. ஐந்தாறு வீண் தகவல்களைத் திணித்தால் நீங்கள் சோதிப்பது வாசிப்பு வேகத்தைத்தான்.

மதிப்பெண் பிரிப்பில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. கேள்வியை அருமையாக எழுதிவிட்டு, விடைக்குறிப்பில் ‘பிரிவு 4: ஐந்து மதிப்பெண்’ என்று போட்டால் மாணவர்கள் மறுபடியும் பிரிவைத்தான் எழுதுவார்கள், அதில் தவறும் இல்லை. 15 மதிப்பெண் கேள்வி என்றால், சரியான பிரிவைச் சுட்டுவதற்கு ஒன்று போதும். எந்த நிகழ்வு எந்த நேரத்தில் நடந்தது, அவற்றுள் எவை சட்டத்துக்கு முக்கியம் என்று வரிசைப்படுத்துவதற்கு 4. அந்த நேரங்களைப் பிரிவின் சொற்களோடு பொருத்தி முடிவுக்கு வருவதற்கு 6. எதிர்வாதத்தைக் கண்டு அதற்குப் பதில் சொல்வதற்கு 4. ஒப்பந்தம் இல்லை என்று முடித்தவரும் காரணத்தைச் சீராகச் சொல்லியிருந்தால் அந்த ஆறில் பெரும்பகுதியைப் பெற வேண்டும். இதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிரிவைப் பெயர்த்து எழுதுவதற்கு மதிப்பெண் கிடையாது என்று வினாத்தாளிலேயே அச்சிடுவது இன்னும் நல்லது.

எத்தனை கேள்வி வைப்பது? பழக்கத்தில் எட்டுப் பத்து வைத்துவிடாதீர்கள். புத்தகத்தைப் பார்த்து நீங்களே முழு விடையையும் கையால் எழுதிப் பாருங்கள். அதைப்போல மூன்று மடங்கு நேரம் மாணவருக்கு வேண்டும். மேலே சொன்ன கேள்வியைப் பாடம் நடத்துபவர் பதினைந்து நிமிடத்தில் எழுதினால் மாணவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத் தேர்வில் இரண்டு கேள்விக்கு மேல் இடமில்லை. நேரம் குறைந்தால் என்ன நடக்கும் என்பது விடைத்தாளில் தெளிவாகத் தெரியும். முதல் கேள்விக்கு நான்கு பக்கம், இரண்டாவதற்குப் பாதிப் பக்கம், அதிலும் கடைசி வரி முடியாமல் நிற்கும்.

எந்தப் புத்தகத்தை அனுமதிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். ‘எதையும் கொண்டு வரலாம்’ என்றால், தீர்க்கப்பட்ட கணக்குகளும் வழக்குகளும் நிறைந்த கைடு வாங்க வசதி உள்ளவர் ஒரு படி மேலே நிற்பார். தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பேர் ஆக்டைப் புரட்டவே பாதி நேரம் போய்விடும். அவருக்குச் சட்டம் தெரியாது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள், அது அநியாயம். இந்தக் கேள்விக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 2 முதல் 9 வரையிலான பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் போதும். அவற்றை இரு மொழியிலும் சில பக்கங்களில் அச்சிட்டு வினாத்தாளோடு கொடுத்துவிடலாம். மாணவர் தன் கையால் எழுதிய ஒரு தாள் குறிப்பையும் கொண்டுவரட்டும். அந்த ஒரு தாளைத் தயாரிக்கும்போதே அவர் பாடத்தைச் சுருக்கிப் படித்துவிடுகிறார்.

எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க முடியாது. முனைவு என்றால் என்ன, மறுபயன் என்றால் என்ன என்பதைப் புத்தகம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற நிலையில் உள்ள மாணவரால் மஞ்சள் வழக்குக்குள் நுழையவே முடியாது. இந்த அடிப்படைச் சொற்களுக்கு முந்தைய வாரமே புத்தகத்தை மூடிவைத்துப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வைத்துவிடுங்கள். புத்தகம் கையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் படிக்காமலே வரும் மாணவர்களையும் அது முன்கூட்டியே உங்களுக்குக் காட்டிவிடும். ஒரு மாதிரிக் கேள்வியை வகுப்பில் தீர்த்து, மதிப்பெண் போட்ட விடை ஒன்றையும் கையில் கொடுங்கள். இந்த வகைத் தேர்வை முதன்முறை எழுதுபவருக்கு எதிர்பார்ப்பு என்ன என்று தெரிவதற்கு வேறு நல்ல வழி இல்லை.

கேள்வி சரியாக வந்திருக்கிறதா என்று தேர்வுக்கு முன்பே பார்த்துவிடலாம். இந்தப் பாடத்தை எடுக்காத சக ஆசிரியர் ஒருவரிடம், இயற்பியல் துறையிலிருந்து இருந்தாலும் சரி, அச்சிட்ட பக்கங்களோடு கேள்வியைக் கொடுத்து அரைமணி நேரம் எழுதச் சொல்லுங்கள். உங்கள் விடைக்குறிப்பின்படி அவர் பாதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டால், உங்கள் வகுப்பில் உட்காராமலே எழுதக்கூடிய கேள்வி அது. திருத்தும்போதும் ஒரு அடையாளம் உண்டு. பல விடைத்தாள்களில் முதல் பக்கம் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்து, முருகேசன் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறதென்றால், மாணவர்கள் இன்னும் புத்தகத்தைத்தான் விடையாக நினைக்கிறார்கள். நல்ல விடைகளில் வியாழக்கிழமை 10 மணி முதல் சில வரிகளுக்குள் வந்துவிடும்.

அடுத்த ஆண்டு இதே கேள்வி சீனியர்களின் குறிப்பில் இருக்கும். அதற்காகப் புதுக் கதை தேட வேண்டாம். பாத்திமா சம்மதக் கடிதத்தை வியாழக்கிழமை தபாலில் சேர்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை முருகேசனைப் போனில் அழைத்து ‘என் கடிதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்’ என்று சொன்னதாக மாற்றுங்கள். கடிதம் சேரும் முன் ஏற்பைத் திரும்பப் பெற 5ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே இம்முறை கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறுவது பாத்திமா. பழைய விடையை மனப்பாடம் செய்து வந்தவர் முருகேசன் மஞ்சளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதிக்கொண்டிருப்பார்.