ஆயிரம் செங்கல்லின் அடக்க விலை

செங்கல் சூளையின் அடக்க விலை எப்போதும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. எந்த ஆயிரத்தைச் சொல்கிறோம் என்பதில்தான் கணக்கு பிசகுகிறது. அறுத்த கல், சூளையில் அடுக்கிய கல், வெந்து தேறிய கல் என்று எண்ணிக்கை மூன்று. செலவு முதல் எண்ணிக்கைக்கு ஆகிறது. வரவு கடைசி எண்ணிக்கைக்கு மட்டுமே.

கொடைக்கானல் மேல்மலையில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும் மன்னவனூரின் குளிரும் மூடுபனியும் பச்சைக் கல் காய்வதற்கு ஒத்துவராதவை. வெயிலும் சமதரையும் உள்ள அடிவாரத்தில் வெந்த கல்தான் லாரியில் ஏறி வர வேண்டும். ஆகவே கணக்கு அடிவாரத்துச் சூளையில் தொடங்குகிறது.

விறகு போட்டு எரிக்கும் நாட்டுச் சூளை ஒன்றில் 40,000 கல் அறுக்கப்படுவதாகக் கொள்ளலாம். கீழே வரும் ரூபாய்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை; ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும்.

முதலில் மண். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள ஆயிரம் கல்லின் கன அளவு 70 கன அடி. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குவதால் அச்சு பெரிதாக இருக்க வேண்டும். எனவே ஆயிரம் கல்லுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மண் பிடிக்கும். கனிமக் கட்டணமும் வண்டிக் கூலியும் சேர்த்து யூனிட் 1,200 ரூபாய் என்றால் மண்ணுக்கு 48,000. அறுப்புக் கூலி ஆயிரத்துக்கு 900 வீதம் 36,000.

திடீர் மழையிலும் வெடிப்பிலும் 2,000 கல் போகிறது என்று வைத்தால் சூளை ஏறுவது 38,000. அடுக்குக் கூலி ஆயிரத்துக்கு 400, பிரித்துத் தரம் பார்க்க 300. இரண்டும் சேர்ந்து 26,600. விறகு ஆயிரத்துக்கு அரை டன். டன் 4,500 வீதம் 19 டன்னுக்கு 85,500. தரை வாடகை, தண்ணீர், முன்பணத்தின் வட்டி 23,900. மொத்தம் 2,20,000 ரூபாய். 40,000-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 5,500 வரும். இது யாருக்கும் கிடைக்காத விலை.

சூளையின் வெளிப்புற அடுக்குகளில் சூடு நிற்காது. அங்கே கல் வேகாமல் நிற்கும். நெருப்பு வாயை ஒட்டிய கல் அளவு மீறி உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 38,000-இல் 85 விழுக்காடு, அதாவது 32,300 கல் தேறியது என்போம். அரைவேக்காட்டுக் கல் 3,800. ஆயிரம் 2,500 வீதம் 9,500 ரூபாய் வரும். உடைசல் 1,500 தரும். இந்த 11,000 வரவைச் செலவில் கழித்து, மீதி 2,09,000-ஐத் தேறிய கல்லுக்குப் பங்கிட்டால் ஆயிரத்தின் அடக்கம் 6,471.

விறகு பெருஞ்செலவு என்பதால் கை முதலில் அங்கேதான் போகிறது. 2 டன் குறைத்தால் 9,000 மிச்சம். ஆனால் அதனால் தேறும் கல் 75 விழுக்காட்டுக்கு இறங்கி, அரைவேக்காடு 20 விழுக்காடானால், 28,500 நல்ல கல்லே 1,90,500 ரூபாயைச் சுமக்கும், அடக்கம் 6,684. மிச்சம் பிடித்த பிறகு ஆயிரத்துக்கு 213 ரூபாய் கூடியிருக்கிறது! விறகைக் குறைக்க நல்ல வழி, பச்சைக் கல்லை முழுதாகக் காயவிட்டு ஏற்றுவதுதான். கல்லுக்கு 100 கிராம் ஈரம் மிஞ்சினாலும் 38,000 கல்லில் 3.8 டன் தண்ணீர். அதை ஆவியாக்கவே ஒரு பங்கு விறகு எரியும்.

தரம் பிரிப்பதில் கண்டிப்பு இல்லாவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகும். அரைவேக்காடு வெளிறியிருக்கும், இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்காது, நகத்தால் கீறினால் கோடு விழும். சந்தேகம் வந்தால் உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோட வேண்டும். சாதாரணக் கட்டடக் கல்லின் எடை 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1077. மேல்மலை ஈரத்தில் நிற்கப்போகும் சுவருக்கு இந்தச் சோதனையைத் தவிர்ப்பது சரியல்ல.

மலை ஏறும்போதும் வகுக்கும் எண் மாறுகிறது. கல் ஒன்று 3 கிலோ என்றால் 3,000 கல் 9 டன். வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் 21,000 என்று வைத்து, வளைவுகளில் குலுங்கி 3 விழுக்காடு உடைந்தால், மன்னவனூரில் முழுதாக இறங்குவது 2,910. சூளை அடக்கம் 19,413-உடன் 21,000 சேர்த்துப் பங்கிட்டால், சூளைக்காரரின் லாபம் சேராமலே ஆயிரம் கல் ஏறத்தாழ 13,890 ரூபாய் ஆகிறது. அரைவேக்காட்டுக் கல்லுக்கும் இதே வண்டிக் கூலிதான். அது வழியில் இன்னும் அதிகமாக உடையும்.