கலப்பு என்பது சமரசம் அல்ல

ஒரு கால்குலேட்டரை ரேடியனில் வைத்து, 1 என்று போட்டு, cos பொத்தானை அழுத்துங்கள். 0.540302 வரும். வந்த விடையின் மேலேயே மறுபடி அழுத்துங்கள்: 0.857553. இன்னொரு தடவை: 0.654290. மேலேயும் கீழேயுமாக ஆடிக்கொண்டே எண்கள் ஒரு இடத்தை நெருங்குகின்றன. சுமார் முப்பது தடவை தட்டினால் 0.739085 என்பதில் வந்து உட்காரும். அதை உள்ளே போட்டால் அதுவே வெளியே வரும். இதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். விடையை எடுத்து மறுபடி கேள்விக்குள் போடுவதுதான் முறை. வேறு வித்தை எதுவும் கிடையாது.

இந்த முறையின் குணம், தனக்குப் பின்னால் நடந்த எதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான். கடைசி எண் ஒன்றே அதற்குப் போதும். நிலைப்புள்ளிக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாக்கியோ, அது ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. நம் உதாரணத்தில் விகிதம் 0.67. அது 0.1 ஆக இருந்தால் யாருக்கும் புகார் இருக்காது. நாலைந்து அடியில் வேலை முடிந்துவிடும். 0.99 ஆக இருந்தால்தான் சங்கடம். அப்போது எண்கள் ஒரே பக்கமாக மெல்ல நகரும். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 0.001தான் வித்தியாசம் என்று பார்த்துவிட்டு, 'நின்றுவிட்டது, இதுதான் விடை' என்று எழுதி வைப்போம். உண்மையில் விடை இன்னும் 0.1 தூரத்தில், அதாவது அந்த அடியைப்போல நூறு மடங்கு தள்ளி இருக்கும். நகராமல் இருப்பதற்கும் வந்து சேர்ந்துவிட்டதற்கும் உள்ள வித்தியாசம் இது. கணிப்பொறியில் ஓடும் எத்தனையோ முடிவுகள் இந்த இடத்தில்தான் பொய்யாகின்றன.

1965இல் டொனால்ட் ஆண்டர்சன், தொகையீட்டுச் சமன்பாடுகளுக்காக எழுதிய கட்டுரையில் ஒரு மாற்றைச் சொன்னார். ஒவ்வொரு அடியிலும் உள்ளே போட்டது, வெளியே வந்தது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததிலிருந்து உள்ளே போட்டதைக் கழித்தால் கிடைப்பது எச்சம். நிலைப்புள்ளியில் எச்சம் பூஜ்யம். இனி, கடந்த சில அடிகளுக்கு எடைகள் கொடுக்க வேண்டும். எடைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்க வேண்டும். அதே எடைகளால் எச்சங்களைக் கலந்தால் மிஞ்சுவது எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். அப்படிக் கண்ட எடைகளால் வெளியே வந்த எண்களைக் கலந்தால் அதுவே அடுத்த அடி.

போட்டுப் பார்த்துவிடலாம். 1ஐப் போட்டபோது வந்தது 0.540302, எச்சம் −0.459698. 0.540302ஐப் போட்டபோது வந்தது 0.857553; எச்சம் +0.317251. ஒன்று கழித்தல், ஒன்று கூட்டல். இரண்டும் அடிபட்டுப்போக முதலாவதற்கு 0.408329, இரண்டாவதற்கு 0.591671 எடை வேண்டும். இந்த எடைகளால் விடைகளைக் கலந்தால் 0.728010. வெறுமனே தட்டியிருந்தால் இந்த இடத்தில் 0.857553தான் நம் கையில் இருக்கும்.

அடுத்த அடியில்தான் விஷயம் இருக்கிறது. 0.728010ஐப் போட்டால் 0.746500 வருகிறது, எச்சம் +0.018490. முந்தியதன் எச்சமும் கூட்டல்தான். இரண்டு கூட்டல் எண்களை எந்தச் சராசரி போட்டாலும் பூஜ்யம் வராது. ஆகவே எடைகள் −0.061889, +1.061889 என்று அமைகின்றன. பழையதற்குக் கழித்தல் எடை! கலந்தால் 0.739627. இன்னும் ஒரு தடவை செய்தால் 0.739084. cos நான்கே முறை அழுத்தப்பட்டிருக்கிறது. கடைசி இலக்கம் ஒன்றுதான் விலகல்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் சமரசம், நடுநிலை, பழசும் புதுசும் கைகோர்ப்பது என்று வியாக்கியானம் செய்யக் கிளம்பிவிடுவார்கள். இங்கே பழைய அடிகளுக்கு மரியாதை எதுவும் செய்யப்படவில்லை. அவை எப்படித் தவறின என்பதுதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. தவறு ஒரே திசையில் தொடர்ந்தால், இருக்கிற புள்ளிகளின் எல்லைக்கு வெளியே தாண்டிப் போகச் சொல்கிறது கணக்கு. சமரசக்காரர்கள் அங்கே போகமாட்டார்கள்.

உண்மையான சமரசம் வேறு இடத்தில் இருந்தது. அணு, மூலக்கூறு கணக்குகளில் எலெக்ட்ரான்களின் பரவலை ஊகித்து, அதனால் உண்டாகும் புலத்தைக் கணக்கிட்டு, அந்தப் புலத்தில் எலெக்ட்ரான்கள் எப்படிப் பரவும் என்று மறுபடி கணக்கிடுவார்கள். 1928இல் ஹார்ட்ரீ தொடங்கிவைத்த வழி இது. பெரிய உலோகத் துண்டுகளில் இந்தச் சுற்று, வாளித் தண்ணீர் தளும்புவதுபோல மின்னூட்டத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்து, ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகிக்கொண்டே போகும். விகிதம் 1ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பழைய வைத்தியம், புதிய விடையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வது. தளும்பல் அடங்கும், ஆனால் தொல்லை தராத மற்றத் திசைகளும் சேர்ந்து ஆமை வேகத்துக்கு வந்துவிடும். 1980இல் பீட்டர் புலாய் குவாண்டம் வேதியியலுக்குள் கொண்டுவந்த முறை, ஆண்டர்சனுடையதற்கு நெருங்கிய சொந்தம். பல சுற்றுகளின் எச்சங்களை வைத்துக்கொண்டால் எந்தத் திசை தளும்புகிறது, எது மந்தமாக நகர்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சில திசைகளை மட்டும் திருத்தலாம். ஒரு சுற்றுக்கே மணிக்கணக்காகும் இடத்தில், ஏழெட்டு எச்சங்களை வைத்து எடை காணும் செலவு ஒன்றுமே இல்லை.

அப்படியானால் எப்போதும் கலக்கலாமா? கூடாது. 2இன் வர்க்கமூலத்துக்கு ஒரு பழைய வழி: ஓர் எண்ணையும், 2ஐ அதனால் வகுத்து வருவதையும் கூட்டிப் பாதியாக்குவது. 1இல் தொடங்கினால் 1.5, 1.416667, 1.414216. மூன்றே அடியில் ஐந்து தசம இடம் ஏறக்குறையச் சரி. இதையே மேலே சொன்னபடி கலந்து பாருங்கள்: 1.5, 1.428571, 1.413793. கெட்டுப்போய்விட்டது! காரணம் எளிது. வர்க்கமூல வழியில் பிழை நிலையான விகிதத்தில் குறைவதில்லை. ஒவ்வொரு அடியிலும் தன் வர்க்கத்தின் அளவுக்கு விழுகிறது. அங்கே பழைய எச்சம் காலாவதியான சரக்கு. அதை நம்பி எடை போட்டால் வேகம் குறையத்தான் செய்யும். நிலையான விகிதத்தில் நெருங்கும் முறைக்குக் கலப்பு உதவும், வர்க்க வேகத்தில் நெருங்குவதற்கு உதவாது என்பதை எவன்ஸ், பொல்லாக், ரெப்ஹோல்ஸ், ஷியாவ் ஆகியோர் 2020இல் நிறுவியிருக்கிறார்கள்.

இன்னொரு கோளாறு ஞாபகத்தின் அளவில் வருவது. நிறைய அடிகளைச் சேர்த்து வைத்தால் அவற்றின் எச்சங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே ஜாடையாகிவிடும். அப்போது +900, −899 என்ற மாதிரி எடைகள் விழும். கூட்டினால் 1தான், நியமம் மீறப்படவில்லை. ஆனால் கடைசி இலக்கத்தில் இருக்கும் அற்பப் பிழை தொள்ளாயிரம் மடங்காகப் பெருகி விடைக்குள் புகுந்துவிடும். எடைகளை அச்சிட்டுப் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படும். விடையை மட்டும் பார்க்கிறவருக்குப் படாது. அப்படிக் கண்டால் ஆகப் பழைய அடிகளை விட்டெறிய வேண்டும். எச்சம் இறங்குவதற்குப் பதில் தொடர்ந்து ஏறினால் மொத்த ஞாபகத்தையும் துடைத்துவிட்டு, ஓரிரு அடி வெறுமனே போட்டு, மறுபடி சேர்க்கத் தொடங்கலாம்.

எச்சம் நிஜமாகவே பூஜ்யத்துக்குப் போனாலும்கூட, ஒன்றுக்கு மேல் நிலைப்புள்ளிகள் உள்ள கணக்கில் நாம் தேடியதுதான் கிடைத்திருக்கிறதா என்பதற்கு இந்த முறையிடம் பதில் கிடையாது. வெறும் சுற்று விலகி ஓடிவிடும் ஒரு புள்ளியில் இது போய் உட்கார்ந்துவிடவும் கூடும். எலெக்ட்ரான் கணக்குக்காரர்கள் வேறொரு தொடக்க ஊகத்திலிருந்து மறுபடி ஓட்டி, இரண்டு ஆற்றல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.