மின்சுற்றுக் கணக்கு: விடையைச் சரிபார்க்கும் வழி

மின்சுற்றுக் கணக்கில் முதல் வேலை, படத்தைப் பெரிதாக வரைந்து ஒவ்வொரு மின்னோட்டத்துக்கும் பெயரும் அம்புக்குறியும் இடுவது. அம்பின் திசை தவறானாலும் கவலையில்லை. விடை கழித்தல் குறியோடு வரும். பாதியில் அம்பை மாற்றுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

12 வோல்ட் மின்கலத்துடன் 2 ஓம் தொடராகவும், அடுத்து 3 ஓமும் 6 ஓமும் பக்க இணைப்பிலும் உள்ள சுற்றில் மொத்த மின்தடை 4 ஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர். அது 3 ஓமில் 2, 6 ஓமில் 1 எனப் பிரியும். சரிபார்க்க, அதே வழியில் மறுபடி போடுவதைவிடத் திறனைக் கூட்டிப் பார்ப்பதே மேல். மின்தடைகளில் 18, 12, 6 வாட். மின்கலம் தருவதும் 36 வாட். கிளை மின்னோட்டங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 45 ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வினாவில் உள்ள 6 ஓமை 8 என்று படித்திருந்தால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. மதிப்புகளை வினாவோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.